சிங்காரி மேள லூப் 92-ல், பாட்டு 104-ல்: நறுக்குவதா, சுருக்குவதா, சுருதியை விட்டுக்கொடுப்பதா?

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் திருவிழாப் பாட்டு செய்கிறவர்களிடம் அடிக்கடி வந்து நிற்கும் வேலை இது. கோயில் கொடைக்கோ, ஆலயத் திருவிழாவுக்கோ ஒரு பாட்டு. மெட்டு 104 பி.பி.எம்.-ல் உறுதியாகிவிட்டது. கையில் இருப்பது சிங்காரி மேளக் குழு வாசித்த நாலு பார் லூப். அதன் வேகம் ஏறத்தாழ 92. குழுவை மறுபடி கூப்பிட நேரமும் இல்லை, பணமும் இல்லை. இருப்பதை 104-க்குக் கொண்டுவர வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது அந்த வேகத்திலேயே வாசித்ததாகத் தோன்ற வேண்டும்.

மூன்று வழிகள் உண்டு. லூப்பை அப்படியே வேகமாக ஓட்டிச் சுருதி ஏறுவதை ஏற்றுக்கொள்ளலாம். அடி அடியாக நறுக்கி, துண்டுகளை நெருக்கி வைக்கலாம். அல்லது சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மென்பொருள் சுருக்கும்படி விடலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது, ஏனென்றால் சிங்காரி மேளத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஒலிகள் கலந்திருக்கின்றன. செண்டையின் அடி கோல் பட்ட கணத்தில் உச்சம் தொட்டு உடனே விழுந்துவிடும். இலத்தாளத்தின் ரீங்காரம் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டு வரை நீண்டு தொடரும். நறுக்கினால் அடி பிழைக்கும், ரீங்காரம் உடையும். சுருக்கினால் ரீங்காரம் ஓரளவு பிழைக்கும், அடி மழுங்கும். உங்கள் லூப்பில் எது முன்னால் நிற்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

முதலில் உண்மையான வேகம்

மென்பொருள் தானாகக் காட்டும் பி.பி.எம்.-ஐ நம்ப வேண்டாம். முதல் பாரின் முதல் அடி தொடங்கும் இடத்திலிருந்து ஐந்தாம் பாரின் முதல் அடி தொடங்கும் இடம் வரை அலைவடிவத்தைப் பெரிதாக்கி அளந்துகொள்ளுங்கள். இங்கே எடுத்துக்கொண்ட லூப்பில் அது 10.38 நொடி. நாலு பாருக்கு 16 தாளம், 16-ஐ 60-ஆல் பெருக்கினால் 960, அதை 10.38-ஆல் வகுத்தால் 92.49. அரை பி.பி.எம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் லூப்பை 92 என்று குறித்துவிட்டு வேலை செய்தால் நாலாவது பாரின் முடிவில் ஏறத்தாழ 50 மில்லிநொடி தள்ளிப்போய்விடும். அது தெளிவாகக் காதில் விழும் பிசகு.

104-ல் அதே நாலு பார் 9.231 நொடியில் முடிய வேண்டும். விகிதம் 1.1245, அதாவது பன்னிரண்டரை சதவீத வேகம் கூடுதல். ஒரு தாளத்தின் கால் பங்கு, அதாவது பதினாறாம் சுரத்தின் நீளம், 162.2 மில்லிநொடியிலிருந்து 144.2-க்குக் குறைகிறது. அடிக்கு 18 மில்லிநொடி. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 18-ஐச் சுற்றித்தான்.

மேளம் போகப் போகக் காலம் ஏறும். அது மேளத்தின் இயல்பு. ஆகவே ஒவ்வொரு பாரையும் தனியாக அளந்துவிடுங்கள். முதல் பாரை விட நாலாவது பார் 30 மில்லிநொடி குறைவாக இருந்தால் அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் லூப் மறுபடி முதலுக்குத் திரும்பும்போது வேகம் சட்டென்று இறங்கியதுபோல் கேட்கும். அப்போது பார்களின் தொடக்கத்தை மட்டும் கிரிட்டில் வைத்து, உள்ளே உள்ள அடிகளைத் தொடாமல் விடுவது நல்லது.

இன்னொன்று. அளந்தபோது 92-க்குப் பதில் 85 வந்து, சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருந்தால், அது வாசித்தவர்கள் செய்த பிழை அல்ல. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒலியை 44.1 என்று எண்ணிக்கொண்டு ஏதோ ஒரு கருவி ஓட்டுகிறது. கைப்பேசி வீடியோவிலிருந்து எடுத்த ஒலியில் இது வரும். அதைச் சரிசெய்த பிறகே மற்ற வேலை.

சுருதியை விட்டுக்கொடுப்பது

பலரும் இந்த வழியை யோசிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. டேப்பை வேகமாக ஓட்டுவதுபோல் மொத்த லூப்பையும் 1.1245 மடங்கு வேகத்தில் ஓட்டினால் அடி மழுங்காது, ரீங்காரம் உடையாது, எங்கும் தையல் இல்லை. விலை ஒன்றுதான்: சுருதி 2.03 அரைச்சுரம் ஏறும். செண்டைக்குப் பாட்டின் சுருதியோடு சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. தோலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிய செண்டையாகவே அது கேட்கும்.

ஏபிள்டன் லைவில் கிளிப்பின் வார்ப் முறையை `Re-Pitch` என்று வைத்தால் போதும். ரீப்பரில் ஐட்டத்தைத் தேர்ந்து F2 அழுத்தி, `Preserve pitch when changing rate` என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டு, `Playback rate`-ல் 1.1245 என்று கொடுங்கள்.

இழப்பு இரண்டு இடத்தில் தெரியும். வீக்கன் செண்டையின் அடித்தள முழக்கம் மேலே நகர்ந்து கனம் குறையும். 100 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒன்று இரண்டு டெசிபல் ஏற்றினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இலத்தாளம் சின்னத் தாளம்போல் மெலிந்து கேட்கும். அதை ஈக்யூவால் மீட்க முடியாது. இரண்டு அரைச்சுரம் வரை இதைத் தாராளமாகச் செய்யலாம். மூன்றைத் தாண்டினால் பொம்மைச் செண்டையாகிவிடும்.

இந்த வழி அடைபடும் சூழ்நிலைகளும் உண்டு. லூப்பில் குறுங்குழலோ கொம்போ கலந்திருந்தால் முடியாது. அவற்றின் சுருதி பாட்டோடு மோதும். அதே குழுவின் இரண்டு லூப்புகள் வெவ்வேறு வேகத்தில் இருந்து, இரண்டும் ஒரே பாட்டில் வந்தாலும் முடியாது. ஒன்று இரண்டு அரைச்சுரம் ஏறி, மற்றது அரைச்சுரம் ஏறினால், பாட்டின் நடுவில் மேளக் குழு மாறிவிட்டதுபோல் ஆகும்.

நறுக்குவது

1994-ல் வந்த ரீசைக்கிள் மென்பொருள் இந்த முறையைப் பரவலாக்கியது. லூப்பை அடிகளின் தொடக்கத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டும் தன் வேகத்திலேயே ஒலிக்க, துண்டுகள் தொடங்கும் நேரத்தை மட்டும் மாற்றுவது. துண்டுக்குள் எந்தக் கணக்கும் நடப்பதில்லை என்பதால் கோல் தோலில் படும் ஓசை பதிந்தபடியே வரும்.

மேளக் குழுவின் பதிவில் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பத்துப் பேர் ஒரே அடியை அடிக்கும்போது பத்துக் கோலும் ஒரே கணத்தில் விழுவதில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றைச் செண்டையின் அடி சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். குழுவின் அடி 10 முதல் 25 மில்லிநொடி அகலத்தில் பல சின்ன உச்சங்களாக, படிக்கட்டுபோல் ஏறும். கூட்டமாக வாசிக்கும் கனம் அந்த அகலத்திலிருந்துதான் வருகிறது. தானாக வெட்டும் கருவி பெரும்பாலும் மிக உயரமான ஏற்றத்தில், அதாவது படிக்கட்டின் நடுவில், குறி வைக்கும். அங்கே வெட்டினால் முன்னால் விழுந்த இரண்டு மூன்று கோல்கள் முந்தைய துண்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அடிக்குமுன் ஒரு சின்ன ‘டிக்’ தனியாகக் கேட்கும், அடியும் மெலியும். ஆகவே ஒவ்வொரு குறியையும் கண்ணால் பார்த்து, முதல் கோலுக்கு 2 மில்லிநொடி முன்னால் இழுத்து வையுங்கள். 64 குறிகள் இருக்கும். அரை மணி நேர வேலை, ஆனால் இதில் மிச்சம் பிடிக்க முடியாது.

ரீப்பரில் செய்கிறவர்களுக்கு எளிய வரிசை இது. பிராஜெக்ட் டெம்போவை முதலில் 92.49 என்று வைத்து லூப்பைப் பாரின் தொடக்கத்தில் பொருத்துங்கள். குறித்த இடங்களில் வெட்டுங்கள். எல்லாத் துண்டுகளையும் தேர்ந்து, ஐட்டத்தின் டைம்பேஸை `Beats (position only)` என்று மாற்றுங்கள். பிறகு டெம்போவை 104 ஆக்குங்கள். துண்டுகள் ஒரே விகிதத்தில் நெருங்கும். வாசித்தவர்களின் ஆட்டம் அப்படியே இருக்கும். கிரிட்டில் குவாண்டைஸ் செய்தால் அந்த ஆட்டம் செத்துவிடும், அது வேண்டாம்.

நெருங்கியதும் ஒவ்வொரு துண்டின் வாலும் அடுத்ததன் தலைமேல் 18 மில்லிநொடி ஏறி நிற்கும். தலையில் 1 மில்லிநொடி ஃபேட், வாலில் 18 மில்லிநொடி ஃபேட். செண்டை மட்டும் உள்ள லூப்பானால் வேலை முடிந்தது. கேட்டால் வித்தியாசமே தெரியாது.

இலத்தாளம் இருந்தால் முடியவில்லை. அந்த 18 மில்லிநொடியில் ஒரே ரீங்காரத்தின் இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அலைகள் சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்னும். இது ஒவ்வொரு துண்டிலும் நடப்பதால் நொடிக்கு ஏறத்தாழ 7 தடவை ரீங்காரம் நடுங்கும். மேளத்துக்குப் பின்னால் விசிறி ஒன்று சுற்றுவதுபோல் கேட்டால் காரணம் இதுதான். ஃபேட் நீளத்தை மாற்றிப் பார்ப்பதால் இது தீராது.

குறைவாக வெட்டலாமே, தாளத்துக்கு ஒரு துண்டு போதாதா என்று தோன்றும். நடுக்கம் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு தாளம் 648.8 மில்லிநொடியிலிருந்து 576.9-க்குக் குறைகிறது; துண்டின் கடைசி 72 மில்லிநொடி அடுத்த துண்டுக்குக் கீழே மறைந்துவிடும். உருட்டுச் செண்டை இரட்டை வேகத்தில் உருட்டும் இடத்தில் ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடைவெளி 81 மில்லிநொடிதான். ஆகவே உருட்டின் கடைசி அடி மறையும், அல்லது அடுத்த அடியோடு மோதி இரட்டையாகக் கேட்கும். உருட்டு வரும் தாளத்தை மட்டும் அடிக்கு ஒன்றாக வெட்டுங்கள். மற்ற இடத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

சுருக்குவது

சுருதியைக் காத்து நீளத்தை மட்டும் மாற்றும் பெரும்பாலான நிரல்கள் ஒலியைச் சின்னச் சன்னல்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு என்று பார்த்து, சன்னல்களை நெருக்கி அடுக்கித் திரும்பக் கோக்கின்றன. 44.1 கிலோஹெர்ட்ஸில் 4096 சாம்பிள் சன்னல் என்பது 93 மில்லிநொடி. அந்தச் சன்னலுக்குள் ஒரு கோலடி எங்கே விழுந்தது என்ற செய்தி அதிர்வெண்களின் ஒழுங்கான ஒத்திசைவில்தான் இருக்கிறது. நெருக்கும்போது அந்த ஒத்திசைவு குலைந்தால் அடியின் ஆற்றல் சன்னல் முழுக்கப் பரவும். கூர்மை போகும், அதைவிட மோசம், அடிக்கு முன்பே அதன் நிழல் கேட்கத் தொடங்கும்.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மூல லூப்பையும் சுருக்கியதையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து ஒரே அடியைப் பெரிதாக்குங்கள். மூலத்தில் முதல் கோலுக்கு முன் இலத்தாளத்தின் மெல்லிய அலை மட்டும் இருக்கும். சுருக்கியதில் அதே இடத்தில் 10, 20 மில்லிநொடி முன்பிருந்தே அலை தடித்து ஏறத் தொடங்கியிருக்கும். உச்சத்தின் உயரமும் குறைந்திருக்கும்.

இன்றைய நிரல்கள் அடியைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் ஒத்திசைவைப் புதிதாகத் தொடங்குகின்றன. தனிச் செண்டைக்கு அது நன்றாக வேலை செய்யும். குழுவின் படிக்கட்டு அடியில் நிரல் ஒரு படியைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் குழப்பிவிடும். ஆகவே தனிச் செண்டையில் கேட்டுப் பார்த்துப் பிடித்துப்போன அமைப்பைக் குழுப் பதிவுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள்.

எந்த அமைப்பு என்றால், லைவில் `Complex` அல்லது `Complex Pro`. ரீப்பரில் எலாஸ்டிக் ப்ரோ அல்லது ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்டைக் கட்டளை வரியிலும் ஓட்டலாம். பல அமைப்புகளை வரிசையாக ஒப்பிட்டுக் கேட்க அது வசதி:

```
rubberband -T 92.49:104 -c 5 melam.wav melam_c5.wav
rubberband -T 92.49:104 -c 6 melam.wav melam_c6.wav
```

`-c` என்பது கூர்மை அளவு, 0 முதல் 6 வரை. 5 என்பது வழக்கமான நிலை. 6 குட்டையான சன்னலை எடுத்துக்கொள்ளும். தாள வாத்தியத்துக்காக வைத்தது. குட்டைச் சன்னலில் அடி நன்றாக நிற்கும், ஆனால் இலத்தாளத்தில் மணல் கொட்டுவதுபோல் ஒரு சொரசொரப்பு வரலாம். இரண்டையும் கேட்டுத் தேருங்கள். ஸ்டீரியோ பதிவை ஸ்டீரியோவாகவே கொடுங்கள். இடத்தையும் வலத்தையும் பிரித்துத் தனித்தனியே சுருக்கினால் இரண்டின் ஒத்திசைவும் விலகி, நடுவில் நின்ற வீக்கன் செண்டை பக்கவாட்டில் அலையத் தொடங்கும்.

எதை எடுப்பது

செண்டை மட்டும், அல்லது இலத்தாளம் மிகப் பின்னால் இருந்தால் நறுக்குங்கள். இலத்தாளம் முன்னால் இருந்து, சுருதி ஏறுவதில் தடையில்லை என்றால் ரீபிட்ச், இந்த 92.49-லிருந்து 104-க்குப் போகும் வேலையில் நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது அதைத்தான். இலத்தாளமும் முன்னால், சுருதியும் மாறக்கூடாது என்றால் தனியாக எந்த வழியும் போதாது. சுருக்கிய லூப்பின்மேல் மூல அடிகளை ஒட்டுவதே தீர்வு.

கீழ் ட்ராக்கில் சுருக்கிய லூப். மேல் ட்ராக்கில் மூல லூப்பிலிருந்து வெட்டிய அடிகள், 64 அல்ல, தாளத்தின் 16 பெரிய அடிகள் மட்டும். ஒவ்வொன்றும் முதல் கோலுக்கு 15 மில்லிநொடி முன்பிருந்து 45 மில்லிநொடி பின்வரை, மொத்தம் 60 மில்லிநொடி. முன்னால் உள்ள அந்த 15 முக்கியம்: நிழல் விழுந்த இடத்தை மூலத்தின் சுத்தமான ரீங்காரம் மூடிவிடும். கிரிட்டைப் பார்த்து வைக்காதீர்கள். கீழ் ட்ராக்கில் அந்த அடியின் உச்சம் எங்கே நிற்கிறதோ அதனோடு மேல் துண்டின் உச்சத்தைச் சேர்த்து வையுங்கள். பிறகு கீழ் ட்ராக்கில் அந்த 60 மில்லிநொடியை வெட்டி எடுத்துவிட்டு, இரு ஓரத்திலும் 8 மில்லிநொடி கிராஸ்ஃபேட் கொடுங்கள். வெட்டாமல் மேலேயே அடுக்கினால் மழுங்கிய அடியும் கூர்மையான அடியும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும்.

16 இடத்தில் மட்டும் தையல் இருப்பதால் ரீங்காரம் நடுங்காது. சின்ன அடிகள் கொஞ்சம் மழுங்கியே இருக்கும், ஆனால் பெரிய அடி கூர்மையாக விழுந்தால் காது இடையில் உள்ளவற்றையும் கூர்மையாகவே எடுத்துக்கொள்ளும். உருட்டு தொடங்கும் முதல் கோல் தாளத்தில் விழவில்லை என்றால் அதற்கும் ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் குறைக்க வேண்டியிருந்தால்

இதே லூப்பை 84-க்கு இறக்கக் கேட்டால் முடிவு மாறும். பதினாறாம் சுரம் 178.6 மில்லிநொடி ஆகும். துண்டு 162-ல் முடிந்துவிடுவதால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் 16 மில்லிநொடி வெறுமை. இலத்தாளம் அந்த இடத்திலெல்லாம் அறுந்து அறுந்து வரும். லைவின் `Beats` முறையில் `Loop Back-and-Forth` என்ற தேர்வு துண்டின் வாலை முன்னும் பின்னுமாக ஓட்டி அந்த வெறுமையை நிரப்பும். செண்டைக்கு அது போதும். இலத்தாளத்துக்குப் போதாது, ஏனென்றால் தேய்ந்துகொண்டே போக வேண்டிய ஒலி பின்னோக்கி ஓடும்போது மறுபடி ஏறும். ஆகவே வேகம் குறைக்கும்போது நறுக்குவதைக் கடைசியில் வைத்து, ரீபிட்சையும் மேலே சொன்ன ஒட்டுவேலையையும் முதலில் பாருங்கள். 84-க்கு ரீபிட்ச் செய்தால் 1.67 அரைச்சுரம் இறங்கும். வீக்கன் செண்டைக்கு அது கனமாகக்கூட அமையும்.

எந்த வழியில் முடித்தாலும் மற்ற ட்ராக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் லூப்பை நாலு தடவை தொடர்ந்து ஓட்டிக் கேளுங்கள். முதல் தடவை அடியை மட்டும் கவனியுங்கள், இரண்டாவது தடவை இலத்தாளத்தை மட்டும். மூன்றாவது தடவை, லூப் முடிந்து மறுபடி தொடங்கும் தையலை. முந்தைய பாரின் இலத்தாளம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று சுத்தமான அமைதி விழுந்தால், லூப்பை மேளம் தொடங்கிய முதல் பாரிலிருந்து வெட்டியிருக்கிறீர்கள். பதிவில் இரண்டாம் பாரிலிருந்து ஆறாம் பாரின் முதல் அடி வரை எடுத்து, மேலே உள்ள அளவைத் திரும்ப எடுங்கள். 10.38 என்பது இப்போது வேறு எண்ணாக இருக்கும்.